குலுக்கிப் போட்ட அடைப்புக்குறிகள்: அந்த n+1 எங்கிருந்து வருகிறது?

திறக்கும் அடைப்புக்குறி பத்து, மூடும் அடைப்புக்குறி பத்து. இருபதையும் நன்றாகக் குலுக்கி, வந்தபடி ஒரே வரிசையில் எழுதினால், அந்தச் சரம் ஒழுங்காகச் சமன்பட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு? தோராயமாகச் சொல்ல வேண்டியதே இல்லை, துல்லியமாகவே 11-இல் 1. நூறும் நூறுமாக எடுத்தால் 101-இல் 1. பொதுவாக n திறப்பும் n மூடலும் இருந்தால் நிகழ்தகவு 1/(n+1).

இருநூறு குறிகளைக் கண்மூடித்தனமாகக் கலைத்தால், எங்கேயாவது ஓரிடத்தில் மூடல்கள் முந்திக்கொண்டு சரம் கெட்டுப்போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நூற்றொன்றில் ஒன்று தப்பிப்பது எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். வாய்ப்பு இவ்வளவு எளிய பின்னமாக வருவது அதைவிட விசித்திரம். மொத்த வரிசைகள் C(2n, n). அதை n+1-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் கேட்டலான் எண். பாடநூல்கள் இந்தச் சூத்திரத்தை நிறுவிக் காட்டுகின்றன. ஆனால் அந்த n+1 எதை எண்ணுகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரை அந்த வகுத்தியைப் பற்றியது.

முதலில் எதை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சரத்தை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே ஓர் எண்ணியை வைத்துக்கொள்ளுங்கள். `(` வந்தால் ஒன்று கூட்டுங்கள், `)` வந்தால் ஒன்று கழியுங்கள். இந்த எண்ணியை உயரம் என்று அழைப்போம். சமன்பட்ட சரத்துக்கு இரண்டு நிபந்தனைகள்: கடைசியில் உயரம் 0 ஆக இருக்க வேண்டும், வழியில் எந்த இடத்திலும் அது 0-க்குக் கீழே போகக் கூடாது. நிரல் எழுதுபவர்கள் முதல் நிபந்தனையை மட்டும் சோதித்துவிட்டு இரண்டாவதை மறப்பது அடிக்கடி நடக்கும். `())(` என்ற சரத்தில் திறப்பு இரண்டு, மூடல் இரண்டு. கணக்கு நேராகிறது. ஆனால் மூன்றாவது குறியில் உயரம் −1. இன்னும் திறக்காத ஒன்றை அது மூடிவிட்டது.

n = 3 என்றால் நல்ல சரங்கள் ஐந்து:

```
((()))  (()())  (())()  ()(())  ()()()
```

இதையே கட்டத்தாளில் வரையலாம். (0,0)-இல் தொடங்கி, `(` வந்தால் வலப்பக்கம் ஒரு கட்டம், `)` வந்தால் மேலே ஒரு கட்டம். n திறப்பும் n மூடலும் இருப்பதால் பாதை (n, n)-இல் போய் முடியும். எந்த இடத்திலும் உயரம் என்பது x − y தான். உயரம் எதிர்மறை ஆகாமல் இருப்பதும், பாதை y = x என்ற மூலைவிட்டத்தைத் தாண்டி மேலே போகாமல் இருப்பதும் ஒன்றே. ஆக, சமன்பட்ட சரங்களை எண்ணுவதும் மூலைவிட்டத்தைத் தாண்டாத பாதைகளை எண்ணுவதும் ஒரே வேலை. சரமாக எழுதினால் வெட்டி ஒட்டுவது எளிது, பாதையாக வரைந்தால் கண்ணுக்குத் தெரிவது எளிது. தேவைக்கேற்ப இரண்டுக்கும் மாறி மாறிப் போவோம்.

இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். 'தாண்டக் கூடாது' என்பது வேறு, 'தொடக் கூடாது' என்பது வேறு. மேலே உள்ள ஐந்தில் `()()()` வழியில் இரண்டு முறை மூலைவிட்டத்தைத் தொடுகிறது. அது தவறில்லை. இரு முனைகளைத் தவிர வேறெங்கும் தொடவே கூடாது என்று கேள்வி இருந்தால், `((()))`, `(()())` ஆகிய இரண்டு மட்டுமே மிஞ்சும். அந்த இரண்டிலும் வெளிச்சோடியை உரித்துவிட்டால் உள்ளே n = 2-க்கான சமன்பட்ட சரங்கள் இருக்கும். அதாவது தொடாத பாதைகளின் எண்ணிக்கை ஒரு படி முந்தைய கேட்டலான் எண். மூலைவிட்டத்தின் எந்தப் பக்கமாகவும் போகலாம், ஆனால் தாண்டக் கூடாது என்றால் இரட்டிப்பு: 10. எந்தப் பக்கமாகவும் போகலாம், ஆனால் தொடக் கூடாது என்றால் 4. விடை ஒரு படி தள்ளியோ இரண்டு மடங்காகவோ வருகிறதென்றால் பெரும்பாலும் கணக்கில் பிழை இருக்காது. கேள்வியைப் படித்த விதத்தில்தான் இருக்கும்.

இனி எண்ணலாம். நல்லவற்றை நேராக எண்ணுவது கடினம், கெட்டவற்றை எண்ணுவது எளிது. கெட்ட பாதை என்றால் மூலைவிட்டத்தைத் தாண்டியது. தாண்டினால் அதற்கு ஒரு கட்டம் மேலே உள்ள y = x + 1 என்ற கோட்டை அது தொட்டே தீர வேண்டும். அந்தக் கோட்டை முதன்முதலாகத் தொடும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் உள்ள பாதி முழுவதையும் அந்தக் கோட்டுக்கு மறுபுறம் பிரதிபலியுங்கள். சரத்தின் மொழியில் சொன்னால், உயரம் முதன்முதலாக −1 ஆகும் இடத்துக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு குறியையும் புரட்ட வேண்டும்: திறப்பு மூடலாகும், மூடல் திறப்பாகும்.

n = 4-இல் ஒன்றைச் செய்து பார்ப்போம். `())()(()` என்ற சரத்தில் உயரங்கள் 1, 0, −1, 0, −1, 0, 1, 0. மூன்றாவது குறியில் முதல் முறையாக −1 வருகிறது. முதல் மூன்று குறிகளை அப்படியே வைத்து, மீதி ஐந்தைப் புரட்டுவோம்.

```
())  ()(()      மூலச் சரம்
())  )())(      புரட்டிய பின்
```

இப்போது திறப்பு மூன்று, மூடல் ஐந்து. பாதை (4,4)-இல் முடியாமல் (3,5)-இல் முடிகிறது. இது தற்செயல் இல்லை. உயரம் −1 இருக்கும்போது, மீதிப் பகுதியில் திறப்புகள் மூடல்களைவிட ஒன்று அதிகமாக இருந்தால்தான் முடிவில் 0 வரும். அதைப் புரட்டினால் மூடல்கள் ஒன்று அதிகமாகி, முடிவு உயரம் −2 ஆகும். எந்தக் கெட்ட சரத்தை எடுத்தாலும் n−1 திறப்பும் n+1 மூடலும் கொண்ட சரமாகத்தான் மாறும்.

திரும்பி வரும் வழியும் உண்டு. மூன்று திறப்பும் ஐந்து மூடலும் கொண்ட எந்தச் சரத்தை எடுத்தாலும் அதன் முடிவு உயரம் −2. உயரம் ஒவ்வொரு குறிக்கும் ஒன்றொன்றாகவே மாறுவதால், −1-ஐத் தொடாமல் −2-க்குப் போக முடியாது. முதலில் −1 வரும் இடத்தைப் பிடித்து, மீதியைப் புரட்டினால் பழைய கெட்ட சரம் திரும்பக் கிடைக்கும். புரட்டும்போது முன்பகுதியைத் தொடாததால் 'முதல் −1' என்ற இடமும் நகர்வதில்லை. ஆகவே இது இருபுறச் சார்பு. கெட்டவற்றின் எண்ணிக்கை C(2n, n−1). n = 4-க்கு மொத்தம் 70, கெட்டது 56, நல்லது 14.

இந்த வாதத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. y = x + 1 கோட்டுக்குப் பதிலாக மூலைவிட்டத்தையே கண்ணாடியாக வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் (n, n) என்ற முனை கண்ணாடியின் மேலேயே இருப்பதால் நகராது. பிரதிபலித்த பாதையும் அதே முனையில் முடியும். எண்ணுவதற்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. மூலைவிட்டத்தைத் தொடுவது குற்றமில்லை என்பதுதான் காரணம். குற்றம் நடக்கும் முதல் கோடு எதுவோ அதுதான் கண்ணாடியாக வேண்டும். கேள்வி 'தொடக் கூடாது' என்று மாறினால் கண்ணாடியும் இடம் மாறும்.

பல நூல்கள் இந்தப் பிரதிபலிப்பு உத்தியை தெசிரே ஆந்த்ரே பெயரில் குறிப்பிடுகின்றன. 1887-இல் பெர்ட்ராண்ட் எழுப்பிய வாக்கெண்ணிக்கைக் கேள்விக்கு ஆந்த்ரே அதே ஆண்டில் நேரடியான ஒரு விடை தந்தார் என்பது உண்மை. தேர்தலில் வென்றவர் எண்ணிக்கை முழுவதும் முன்னிலையிலேயே இருந்திருக்க என்ன வாய்ப்பு என்பது கேள்வி. ஆனால் அவரது கட்டுரையில் பிரதிபலிப்பு இல்லை. சரத்தின் இரு துண்டுகளை இடம் மாற்றி ஒட்டுவதுதான் அவர் செய்தது. பிரதிபலிப்பு 1923-இல் ஏப்ளி, மிரிமனோஃப் ஆகியோரின் எழுத்துகளில் வருகிறது. பெயர் விஷயத்தில் கேட்டலானுக்கும் இதே கதைதான். அவர் அடைப்புக்குறிகளைக் கொண்டு எழுதியது 1838-இல். ஆய்லரோ 1751-லேயே கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் பலகோணத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் கேள்வி வழியாக இதே எண்களை அடைந்திருந்தார்.

ஆந்த்ரே செய்ததைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. பிரதிபலிப்பு விடையைத் தருகிறது, ஆனால் அது ஒரு கழித்தல்: C(2n, n) − C(2n, n−1). இதை இயற்கணிதத்தில் சுருக்கினால் C(2n, n)/(n+1) வந்துவிடும். கெட்டவை மொத்தத்தில் n/(n+1) பங்கு என்பதால் மிச்சம் 1/(n+1). நிரூபணமாக இதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கூட்டத்தை n+1-ஆல் வகுத்தால் முழு எண் வருகிறதென்றால், அந்தக் கூட்டம் எங்கேயோ n+1 சம பங்குகளாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அந்தப் பங்குகள் எவை என்று கழித்தல் காட்டுவதில்லை. துண்டுகளை இடம் மாற்றும் முறை காட்டுகிறது.

நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரிப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு கெட்டது என்று அளப்போம். ஒரு பாதையில் மூலைவிட்டத்துக்கு மேலே கிடக்கும் செங்குத்துப் படிகள் எத்தனை என்று எண்ணுங்கள். சரத்தில் அது, உயரத்தை 0-க்குக் கீழே கொண்டுபோகிற அல்லது ஏற்கெனவே கீழே இருப்பதை இன்னும் இறக்குகிற `)` குறிகளின் எண்ணிக்கை. இதை மீறல் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சரத்தின் மீறல் 0. முழுக்க முழுக்க மறுபக்கம் கிடக்கும் சரத்தின் மீறல் n. ஆக மீறல் 0, 1, 2 என்று n வரை n+1 மதிப்புகளில் ஒன்றாக இருக்கும். சுங், ஃபெல்லர் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் 1949-ஆம் ஆண்டுத் தேற்றம், இந்த n+1 வகுப்புகளிலும் ஒரே எண்ணிக்கையில் பாதைகள் உள்ளன என்று சொல்கிறது. நல்ல சரங்கள் அந்த வகுப்புகளில் ஒன்று, அவ்வளவுதான்.

தேற்றத்தை நம்பச் சொல்லவில்லை, கையால் செய்து பார்க்கலாம். மீறலைச் சரியாக ஒன்று குறைக்கும் செயல் ஒன்று இருக்கிறது. சரத்தை இடமிருந்து படியுங்கள். உயரம் முதன்முதலாக 0-க்குக் கீழே இறங்கும். பிறகு எப்போதாவது முதன்முதலாக 0-க்குத் திரும்பி ஏறும். அப்படி ஏற்றி விடுகிற `(` குறியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் உள்ள துண்டையும் பின்னால் உள்ள துண்டையும் இடம் மாற்றுங்கள். பிடித்த குறி நடுவிலேயே இருக்கட்டும்.

மீறல் 3 உள்ள `))(()(` என்ற சரத்தில் தொடங்குவோம். கீழே ஒவ்வொரு வரியிலும் பிடித்த குறியைத் தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறது.

```
))(  (  )(      மீறல் 3
)  (  ())(      மீறல் 2
())  (  ()      மீறல் 1
()(())          மீறல் 0
```

முதல் வரியில் உயரம் −1, −2, −1 என்று போய், நான்காவது குறியில் 0-க்கு ஏறுகிறது. அந்தக் குறியின் முன்னால் `))(`, பின்னால் `)(`. இடம் மாற்றினால் `)(` + `(` + `))(`, அதாவது `)(())(`. இதுதான் இரண்டாவது வரி. அதில் இரண்டாவது குறியிலேயே உயரம் 0-க்கு ஏறிவிடுகிறது. முன்னால் `)` மட்டும், பின்னால் `())(`. மாற்றினால் `())(()`. மூன்றாவது வரியில் முன்னால் `())`, பின்னால் `()`. மாற்றினால் `()(())`. இங்கே கீழே இறங்கும் இடமே இல்லை. சங்கிலி முடிந்தது.

ஏன் சரியாக ஒன்று குறைகிறது? பிடித்த குறிக்கு முன்னால் உள்ள துண்டை உற்றுப் பாருங்கள். முதலில் ஒரு நல்ல பகுதி இருக்கும், அது வெறுமையாகவும் இருக்கலாம். பிறகு 0-க்குக் கீழே இறக்குகிற ஒரு `)`. பிறகு −1-ஐத் தாண்டி மேலே வராத ஒரு பகுதி. இடம் மாற்றிய பின் இந்தத் துண்டு முழுவதும் பிடித்த `(` குறிக்குப் பின்னால் வருகிறது, ஆகவே ஒரு படி உயர்ந்து நிற்கிறது. முன்பு 0-இலிருந்து −1-க்கு இறக்கிய அந்த ஒரே ஒரு `)` இப்போது 1-இலிருந்து 0-க்கு இறக்குகிறது. அதன் மீறல் நீங்கியது. அதற்கு அடுத்த பகுதி −1-க்குக் கீழே ஆடியது, இப்போது 0-க்குக் கீழே ஆடுகிறது. அங்கே உள்ள மூடல்கள் முன்பும் மீறல்தான், இப்போதும் மீறல்தான். பின்னால் இருந்து முன்னுக்கு வந்த துண்டு 0-இல் தொடங்கி 0-இல் முடிவதால் அதில் எந்த மாற்றமும் இல்லை.

பின்னோக்கிப் போவதற்கும் குறி தெளிவாக இருக்கிறது. உயரம் 0 இருக்கும்போது வருகிற `(` குறிகளில் கடைசியானதைப் பிடித்து, இருபுறமும் இடம் மாற்ற வேண்டும். `()(())`-இல் அது மூன்றாவது குறி. முன்னால் `()`, பின்னால் `())`. மாற்றினால் `())(()`. மேலே உள்ள மூன்றாவது வரி அப்படியே திரும்புகிறது. 0-இல் தொடங்கும் `(` ஒன்றுகூட இல்லாத சரம் என்றால் அதன் மீறல் n, அங்கே சங்கிலியின் மறுமுனை.

இந்தச் செயலில் 'முதல்' என்பதைக் 'கடைசி' என்று மாற்றிவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். `))(()(`-இல் கடைசியாக 0-க்கு ஏற்றும் குறி ஆறாவது. அதைப் பிடித்து மாற்றினால் `())(()` வரும், மீறல் 3-இலிருந்து 1-க்கு ஒரேயடியாகத் தாவிவிடும். மீறல் 2 உள்ள வகுப்பு விடுபட்டுப் போகும்.

ஆக, n = 3-இல் உள்ள 20 சரங்களும் ஐந்து சங்கிலிகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் நான்கு சரங்கள். ஒவ்வொரு சங்கிலியின் அடியிலும் ஒரே ஒரு நல்ல சரம். n+1 என்பது சங்கிலியின் நீளம். குலுக்கிப் போட்ட சரம் ஏதாவது ஒரு சங்கிலியில் விழும். அதன் n+1 இடங்களில் அடியில் விழுந்திருக்கும் வாய்ப்பு 1/(n+1). தொடக்கத்தில் சொன்ன 11-இல் 1-க்கு இதைவிட நேரான விளக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. n = 2-க்கு ஆறு சரங்களையும் எழுதி, மூன்று மூன்றாக இரண்டு சங்கிலிகளைக் கட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. படிப்பதைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

இது வெறும் அழகுக்கான நிரூபணம் இல்லை. சமன்பட்ட சரங்களைச் சீரற்ற முறையில் உருவாக்க வேண்டிய தேவை அடிக்கடி வரும். பகுப்பி ஒன்றைச் சோதிக்க, மர அமைப்புகளைச் சோதிக்க என்று எத்தனையோ. எல்லோர் கைக்கும் முதலில் வருகிற முறை, இடமிருந்து வலமாகக் கட்டுவது: இரண்டு குறியும் போடலாம் என்ற நிலையில் காசைச் சுண்டு, ஒன்றுதான் போடலாம் என்றால் அதைப் போடு. வருவது எப்போதும் சமன்பட்ட சரம்தான். ஆனால் எல்லாச் சரங்களும் ஒரே வாய்ப்பில் வருவதில்லை. n = 3-இல் `((()))` வர இரண்டு முறை காசு சுண்டினால் போதும், மீதி எல்லாம் கட்டாயம். அதன் வாய்ப்பு 1/4. `(()())` வர மூன்று முறை சுண்ட வேண்டும், வாய்ப்பு 1/8. முழுப் பட்டியல்: `((()))`, `()(())`, `()()()` மூன்றுக்கும் 1/4, `(()())`, `(())()` இரண்டுக்கும் 1/8. ஐந்துக்கும் 1/5 இருந்திருக்க வேண்டும். n பெரிதாகப் பெரிதாக இந்தச் சாய்வு மோசமாகும். வெளியீட்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதால் பிழை கண்ணில் படாது.

குலுக்கிப் பார்த்து, நல்லது வரும்வரை திரும்பக் குலுக்குவது நேர்மையான முறை. ஆனால் சராசரியாக n+1 முறை குலுக்க வேண்டும். n = 1000 என்றால் ஒரு சரத்துக்கு ஆயிரத்தொரு குலுக்கல். ஒரே குலுக்கலில் முடிக்க 1947-இல் துவோரெட்ஸ்கி, மோட்ஸ்கின் ஆகிய இருவர் எழுதிய சுழற்சித் துணைத்தேற்றம் உதவுகிறது. அதுவும் இடம் மாற்றி ஒட்டும் குடும்பத்தைச் சேர்ந்ததே.

திறப்பை ஒன்று கூட்டி, n+1 திறப்பும் n மூடலும் எடுத்துக் குலுக்குங்கள். இந்த 2n+1 குறிகளையும் வட்டமாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் இடத்தை மாற்றினால் 2n+1 சுழற்சிகள் கிடைக்கும். n-க்கும் n+1-க்கும் பொது வகுத்தி இல்லாததால் அவை அனைத்தும் வெவ்வேறு. அவற்றில் ஒன்றே ஒன்றில் மட்டும் உயரம் முதல் குறியிலிருந்து கடைசிவரை 1-க்குக் குறையாமல் இருக்கும். அந்தச் சுழற்சியின் முதல் `(` குறியை நீக்கினால் மிஞ்சுவது சமன்பட்ட சரம். இங்கே சங்கிலிக்குப் பதில் வட்டம், நீளம் n+1-க்குப் பதில் 2n+1. C(2n+1, n)-ஐ 2n+1-ஆல் வகுத்தால் அதே கேட்டலான் எண் வருகிறது. n = 3-க்கு 35-ஐ 7-ஆல் வகுத்தால் 5.

சரியான தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? உயரம் எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ, அதற்கு அடுத்த குறியிலிருந்து தொடங்க வேண்டும். மிகக் குறைந்த உயரம் பல இடங்களில் வந்தால் கடைசியாக வரும் இடம். n = 4-க்கு `())(()()(` வந்ததாக வைத்துக்கொள்வோம். உயரங்கள் 1, 0, −1, 0, 1, 0, 1, 0, 1. மூன்றாவது குறியில் மிகக் குறைவு. நான்காவதிலிருந்து சுழற்றினால் `(()()(())`. முதல் குறியை நீக்கினால் `()()(())`. சமன்பட்டுவிட்டது.

```python
import random

def random_balanced(n):
    s = ['('] * (n + 1) + [')'] * n
    random.shuffle(s)
    h = low = cut = 0
    for i, c in enumerate(s, 1):
        h += 1 if c == '(' else -1
        if h <= low:
            low, cut = h, i
    t = s[cut:] + s[:cut]
    return ''.join(t[1:])
```

இதில் உயிர்நாடி `h <= low` என்பதில் உள்ள சமக்குறி. அதை விட்டு `h < low` என்று எழுதினால் முதல் தாழ்விடம்தான் பிடிபடும். `)()((` வந்தால் −1 முதல் குறியிலும் மூன்றாவதிலும் வருகிறது. சரியான நிரல் மூன்றாவதற்குப் பின் வெட்டி `(()()` என்று சுழற்றி, `()()` தரும். சமக்குறி இல்லாத நிரல் முதலாவதற்குப் பின் வெட்டி `()(()` என்று சுழற்றும். முதல் குறியை நீக்கினால் `)(()`. தொடக்கமே மூடல்.

சரங்கள் சமன்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது, சீராக வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். n = 3 வைத்து 50,000 முறை ஓட்டுங்கள். ஐந்து சரங்களும் தலா 10,000-ஐ ஒட்டி, சில நூறு வித்தியாசத்துக்குள் வர வேண்டும். மூன்று சரங்கள் 12,500 பக்கமும் இரண்டு 6,250 பக்கமும் நின்றால், உள்ளே எங்கோ காசு சுண்டும் முறை ஒளிந்திருக்கிறது.

குறிகள் இரண்டு வகை என்றால், உதாரணத்துக்கு `()` கூடவே `[]`, எண்ணிக்கையில் மாற்றம் எளிது. ஒவ்வொரு சோடிக்கும் இரண்டு தெரிவு என்பதால் 2ⁿ-ஆல் பெருக்கினால் போதும். n = 3-க்கு 40. உருவாக்கும்போதும் முதலில் ஒரே வகையில் சரத்தை எடுத்துவிட்டு, பிறகு சோடி சோடியாக வகையைத் தெரிவு செய்யலாம். சரிபார்ப்பதில்தான் வேறுபாடு. ஒற்றை எண்ணி இனிப் போதாது. வகைக்கு ஒன்றாக இரண்டு எண்ணி வைத்தாலும் `([)]` தப்பித்துவிடும், ஏனென்றால் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நேர்தான். கடைசியாகத் திறந்தது எது என்பதை நினைவில் வைக்க அடுக்கு வேண்டும்.

கடைசியாக, எண்ணைக் கணக்கிடுவதில் உள்ள ஒரு சிக்கல். n-ஆவது கேட்டலான் எண்ணை C(n) என்று எழுதினால், ஒவ்வொன்றையும் முந்தையதிலிருந்து இப்படிப் பெறலாம்:

```
C(n+1) = C(n) * 2 * (2n+1) / (n+2)
```

முதலில் பெருக்க வேண்டும், பிறகுதான் வகுக்க வேண்டும். C(4) = 14. அடுத்தது 14 × 18 / 6 = 42. வரிசையை மாற்றி 14-ஐ 6-ஆல் முழு எண் வகுத்தலில் முதலில் வகுத்தால் 2, அதை 18-ஆல் பெருக்கினால் 36. பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். முதலில் பெருக்கினாலோ வேறொரு எல்லை வருகிறது. 32 பிட் குறியுள்ள முழு எண்ணில் C(19) = 1767263190 வரை அடங்கும். 64 பிட்டில் C(35) வரை அடங்கும். ஆனால் மேலே உள்ள சூத்திரத்தால் அவ்வளவு தூரம் போக முடியாது. C(33)-இலிருந்து C(34)-க்குப் போகும்போதே 134-ஆல் பெருக்கும் இடைவிடை 64 பிட்டைத் தாண்டிவிடும். பைத்தானில் முழு எண்ணுக்கு அளவு எல்லை இல்லாததால் இந்தக் கவலை இல்லை. சி, ஜாவா போன்றவற்றில், பெருக்குவதற்கு முன் C(n)-க்கும் n+2-க்கும் உள்ள பொதுக் காரணியைச் சுருக்கிவிட்டு, வகுத்தியில் மிஞ்சுவதால் 2(2n+1)-ஐ வகுத்துவிட்டுப் பெருக்கினால் C(35) வரை பிழையில்லாமல் போகலாம்.